இடது பக்கம் மட்டும் பேசிய மூன்று பதிவுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவர் ஃபோனில் ஒரு பேட்டி எடுத்திருந்தார். மொத்தம் மூன்று கோப்புகள். முதலாவது 47 நிமிடம், இரண்டாவது 38, மூன்றாவது 9. பதிவு முடிந்ததும் அங்கேயே ஃபோனில் போட்டுக் கேட்டார், நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து இயர்போன் மாட்டிக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. "மூணுலயும் இடது காதுல மட்டும்தான் குரல் வருது, வலது பக்கம் செத்துக் கிடக்கு. ஒரே பிரச்சினைதான், ஒரே மாதிரி சரி பண்ணிக் கொடுத்துடுங்க" என்றார்.

ஒரே பிரச்சினை இல்லை. மூன்று கோப்புகளிலும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. அது தெரியாமல் நானும் மூன்றுக்கும் ஒரே கமாண்டைத்தான் முதலில் ஓட்டினேன். இரண்டாவது கோப்பில் பாதிப் பேட்டியைக் கெடுத்த பிறகுதான் உறைத்தது. மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்திருந்ததால் தப்பித்தேன்.

முதலில், அங்கே கேட்டபோது ஏன் தெரியவில்லை? ஒரே ஸ்பீக்கர் உள்ள ஃபோன், இரண்டு சேனலையும் கலந்து அந்த ஒன்றில் விடும். இரண்டு ஸ்பீக்கர் இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்தான். கையை நீட்டிப் பிடித்துக் கேட்டால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் இதே கதைதான். இந்தக் கோளாறு இயர்போனிலும் காரிலும் பெரிய டிவியிலும்தான் வெளியே வரும். அதாவது நீங்கள் அனுப்பிய ஆள் கேட்கும் இடத்தில்.

குறை கோப்பிலா, கேட்கும் கருவியிலா

இதை முடிவு செய்யாமல் கோப்பைத் தொடக் கூடாது. வலது இயர்பட் பழுதாகியிருக்கலாம், ஜாக் முழுவதும் உள்ளே போகாமல் இருக்கலாம், ஃபோனின் அணுகல்தன்மை அமைப்புகளில் இடது வலது சமநிலைப் பட்டை ஒரு பக்கமாக நகர்ந்திருக்கலாம். வேறு ஒரு பாட்டைப் போட்டுப் பார்ப்பது வழக்கமான சோதனை. அதைவிட நறுக்கான ஒன்று வி.எல்.சி பிளேயரில் உண்டு. கணினியில் கோப்பைத் திறந்து `Audio` மெனுவில் `Stereo Mode` போய் `Reverse stereo` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடதும் வலதும் இடம் மாறும். குரல் இப்போது வலது காதுக்குப் போனால், கருவிகள் நன்றாக இருக்கின்றன, குறை கோப்புக்குள்தான். மாற்றிய பிறகும் குரல் இடது காதிலேயே நின்றால் வலது இயர்பட்டைச் சந்தேகப்படுங்கள், இரண்டு காதிலும் எதுவும் கேட்காமல் போனால் கோப்பு, இயர்பட் இரண்டிலும் குறை. நண்பரின் மூன்று கோப்புகளிலும் குரல் வலது பக்கம் தாவியது.

அடுத்து, கோப்பில் எத்தனை சேனல் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கு, `ffmpeg` என்ற இலவசக் கமாண்ட் கருவியோடு வரும் `ffprobe` போதும்.

```
ffprobe -v error -select_streams a:0 -show_entries stream=codec_name,channels -of default=nw=1 peti1.mp4
```

மூன்றுக்கும் `channels=2` என்றே வந்தது. இங்கே `1` என்று வந்திருந்தால் கதையே வேறு. மோனோ கோப்பில் இருப்பது ஒரே சேனல், அதைப் பிளேயர் இரண்டு பக்கமும் சமமாக விடும். மோனோ கோப்பு ஒரு பக்கம் மட்டும் கேட்டால் கேபிளையும் பிளேயரையும்தான் பார்க்க வேண்டும், கோப்பில் திருத்த ஒன்றுமில்லை. நம்முடையவை எல்லாம் இரண்டு சேனல் கோப்புகள். அதில் வலது சேனலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முழு ஆய்வும்.

முதல் கோப்பு: வலது பக்கம் உண்மையிலேயே காலி

சேனல் வாரியாக அளவெடுக்க இது போதும்:

```
ffmpeg -i peti1.mp4 -vn -af astats -f null -
```

இது கோப்பு எதையும் எழுதாது, கேட்டுவிட்டு எண்களை மட்டும் திரையில் கொட்டும். நிறைய வரிகள் வரும், பயப்பட வேண்டாம். `Channel: 1`, `Channel: 2` என்ற இரண்டு தலைப்புகளுக்குக் கீழே `Peak level dB`, `RMS level dB` என்ற இரண்டு வரிகளை மட்டும் பார்த்தால் போதும். முதலாவது, சத்தம் எட்டிய உச்சம். இரண்டாவது, சராசரி பலம். இரண்டுமே சுழியத்துக்குக் கீழே இருக்கும் எண்கள், சுழியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்.

```
Channel: 1
Peak level dB: -9.0
RMS level dB: -26.1
Channel: 2
Peak level dB: -inf
RMS level dB: -inf
```

(மற்ற வரிகளை வெட்டிவிட்டு, தசமத்தையும் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.) `-inf` என்றால் அந்தச் சேனலில் சுத்த சூன்யம், ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. மைக் பழுதாகியிருந்தாலும் மின்னணு இரைச்சல் கொஞ்சமாவது பதிவாகியிருக்கும். துளி இரைச்சல்கூட இல்லை என்றால் அந்தப் பக்கத்துக்கு யாரும் எதையும் அனுப்பவே இல்லை என்று அர்த்தம். சில கோப்புகளில் `-inf` என்பதற்குப் பதிலாக -70, -80 என்று வரும். சுருக்கும்போது இடப்பக்கச் சத்தம் கொஞ்சம் வலப்பக்கம் கசிவதால் அப்படி ஆகும். அதையும் காலி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் அனுப்பவில்லை? நண்பரிடம் இருந்தது, ஃபோனின் யூ.எஸ்.பி.-சி துளையில் செருகும் ரிசீவரும் சட்டையில் மாட்டும் இரண்டு கம்பியில்லா மைக்கும் கொண்ட ஒரு செட். இந்த ரிசீவர்களுக்குப் பொதுவாக இரண்டு நிலைகள் உண்டு. மோனோ நிலையில் இரண்டு மைக்கையும் கலந்து இரண்டு சேனலுக்கும் ஒன்றுபோல அனுப்பும். ஸ்டீரியோ நிலையில் முதல் மைக் இடது சேனலுக்கு, இரண்டாவது மைக் வலது சேனலுக்கு. நண்பரின் ரிசீவர் ஸ்டீரியோவில் இருந்திருக்கிறது. முதல் பேட்டிக்கு அவர் ஒரே மைக்கை எடுத்து விருந்தினருக்கு மாட்டினார். இரண்டாவது மைக் பெட்டிக்குள் தூங்கியது. வலது சேனலுக்கு ஆளே இல்லை.

இங்கே ஒரு இடைச்செருகல். பழைய 3.5 மில்லிமீட்டர் துளையில் மாட்டும் காலர் மைக்கில் இந்தக் குறை பெரும்பாலும் வராது. ஃபோனின் அந்தத் துளையில் மைக்குக்கு ஒரே ஒரு தொடர்புதான் உண்டு, ஆகவே உள்ளே போவதே மோனோ. இரண்டு சேனல் உள்ளே போக வழி இருக்கும் யூ.எஸ்.பி. மைக்குகளில்தான் ஒன்று காலியாகக் கிடக்கும் வாய்ப்பும் வருகிறது.

என்னிடம் வருவதற்கு முன் நண்பரே ஒரு முயற்சி செய்திருந்தார். ஏதோ ஒரு செயலியில் "மோனோவாக்கு" என்று இருந்ததை அழுத்தினார். இரண்டு காதிலும் குரல் வந்தது, ஆனால் சத்தம் பாதியாகிவிட்டது என்று விட்டுவிட்டார். அவர் கேட்டது சரிதான். மோனோவாக்குவது என்றால் வழக்கமாக இடதில் பாதி, வலதில் பாதி எடுத்துக் கூட்டுவது. வலது பக்கம் சூன்யம் என்றால் கிடைப்பது இடதில் பாதி மட்டும், அதாவது 6 டெசிபல் குறைவு. அவருடைய அந்தக் கோப்பை அளந்து பார்த்தேன். -26.1 இருந்த இடத்தில் -32.1 இருந்தது. `ffmpeg`-இல் `-ac 1` என்று போட்டாலும் சத்தம் குறையத்தான் செய்யும். வலது பக்கம் காலி என்று தெரிந்த பிறகு கலப்பதற்கு ஒன்றுமே இல்லை. இடதை அப்படியே எடுத்து வலதிலும் வைக்க வேண்டும்.

```
ffmpeg -i peti1.mp4 -c:v copy -af "pan=stereo|c0=c0|c1=c0" -c:a aac -b:a 192k peti1_sari.mp4
```

`c0` என்பது இடது சேனல், `c1` வலது. "வெளியே போகும் இடதுக்கு உள்ளே வரும் இடது, வெளியே போகும் வலதுக்கும் உள்ளே வரும் இடது" என்பதுதான் அந்த வரி. ஒரு எரிச்சலான விஷயம்: `astats` சேனல்களை 1, 2 என்று எண்ணும், `pan` 0, 1 என்று எண்ணும். அளக்கும்போது பார்த்த `Channel: 1` இங்கே `c0`. அவசரத்தில் `c1`-ஐ இரண்டு பக்கமும் போட்டுவிட்டு, இப்போது இரண்டு காதும் போய்விட்டதே என்று விழித்தவர்கள் உண்டு, என்னையும் சேர்த்து. அந்த மேற்கோள் குறிகளையும் விட்டுவிடக் கூடாது. இல்லையென்றால் நடுவில் இருக்கும் செங்குத்துக் கோட்டை டெர்மினல் தன் சொந்தக் குறியாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கமாண்டே இல்லை எனத் திட்டும்.

`-c:v copy` படத்தைத் தொடாமல் அப்படியே நகர்த்துகிறது. அதனால் படத்தின் தரம் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும். ஒலியை மட்டும்தான் மறுபடி சுருக்க வேண்டியிருக்கிறது, பேச்சுக்கு 192k தாராளம்.

சரியாகிவிட்டதா என்று காதால் கேட்பதோடு இன்னொன்றும் செய்வேன். இடதிலிருந்து வலதைக் கழித்துப் பார்ப்பது.

```
ffmpeg -i peti1_sari.mp4 -vn -af "pan=mono|c0=c0-c1,volumedetect" -f null -
```

இரண்டும் ஒன்றாக இருந்தால் கழித்த பின் மிஞ்சுவது சூன்யம். `max_volume: -91.0 dB` என்று வந்தது. இந்தக் கருவி சூன்யத்தைக் காட்டும் விதம் அது. முதல் கோப்பு முடிந்தது.

இரண்டாவது கோப்பு: காலி போலத் தெரிந்தது

இதில்தான் மாட்டினேன். திறந்து முதல் இரண்டு நிமிடம் கேட்டேன், வலது பக்கம் அமைதி. சரி, அதே கதை என்று அதே கமாண்டை ஓட்டினேன். அப்புறம் நடுவில் ஒரு இடத்தைத் தட்டிக் கேட்டபோது விருந்தினரின் பதில் கிட்டத்தில் கணீரென்று இருக்கிறது, நண்பர் கேட்கும் கேள்வி மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருக்கிறது. முதல் பேட்டியிலும் கேள்வி அப்படித்தான் இருந்தது, அவரிடம் மைக் இல்லையே. ஆனால் இரண்டாவது பேட்டியில் அவரும் ஒரு மைக் மாட்டிக்கொண்டதாகச் சொல்லியிருந்தார். அந்தக் குரல் எங்கே போனது? நான்தான் தூக்கி எறிந்திருந்தேன்.

மூலக் கோப்பை அளந்தேன். இடது உச்சம் -9, வலது உச்சம் -11. வலது பக்கம் காலியே இல்லை. எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வலது சேனலை மட்டும் பிரித்து, அமைதி எங்கெங்கே என்று கேட்டேன்.

```
ffmpeg -i peti2.mp4 -vn -af "pan=mono|c0=c1,silencedetect=n=-50dB:d=2" -f null -
```

-50 டெசிபலுக்குக் கீழே 2 விநாடிக்கு மேல் நீடிக்கும் இடங்களை எல்லாம் இது அமைதி என்று சொல்லும். முதல் பதிலே போதுமானதாக இருந்தது:

```
silence_start: 0
silence_end: 372.4 | silence_duration: 372.4
```

372 விநாடி என்பது 6 நிமிடம் 12 விநாடி. அது வரை வலது பக்கம் ஒன்றுமில்லை, அதற்குப் பின் குரல் இருக்கிறது. நண்பரிடம் கேட்டதும் நினைவு வந்தது. பேசத் தொடங்கிய பிறகுதான் தன் மைக்கை ஆன் செய்யவில்லை என்பதைக் கவனித்து, பேச்சை நிறுத்தாமல் சட்டைப் பொத்தானைத் தடவுவது போல ஆன் செய்தாராம். அந்த இடத்தில் துணி உரசும் சத்தமும் பதிவாகியிருக்கிறது.

ஆக, இந்தக் கோப்பில் இடது பக்கம் விருந்தினர், வலது பக்கம் கேள்வி கேட்பவர். கோளாறு என்று எதுவுமே இல்லை. ஸ்டீரியோ நிலையில் ரிசீவர் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்திருக்கிறது. விருந்தினர்தான் அதிகம் பேசுகிறார், முதல் ஆறு நிமிடமும் வலது காலி. அதனால் கேட்பவருக்கு "இடது மட்டும்" என்று தோன்றியது. இங்கே இடதை வலதுக்கு நகலெடுப்பது தவறு. இரண்டையும் கலந்து இரண்டு பக்கமும் வைக்க வேண்டும்.

கலப்பதில் இரண்டு கவலைகள். ஒன்று, சத்தம் எல்லை மீறி உடையுமா? உச்சங்கள் -9, -11. இரண்டு உச்சமும் ஒரே கணத்தில் மோதினாலும் கூட்டுத்தொகை ஏறக்குறைய -4 டெசிபல்தான், எல்லைக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஆகவே பாதி பாதியாகக் குறைக்காமல் முழு அளவிலேயே கூட்டலாம். உச்சங்கள் -3, -2 என்று இருந்திருந்தால் இந்தத் துணிச்சல் கூடாது, இரண்டையும் 0.6 போன்ற ஒன்றால் பெருக்கிக் கூட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது கவலை கொஞ்சம் நுட்பமானது. விருந்தினர் பேசும்போது அவருடைய மைக்கில் மட்டும் குரல் விழுவதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் மைக்கிலும் சற்றுத் தாமதமாக, சற்று மெலிதாக விழும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, ஆகவே 70 சென்டிமீட்டர் கூடுதல் தூரத்துக்கு 2 மில்லிவிநாடி தாமதம். அதே குரல் 2 மில்லிவிநாடி இடைவெளியில் இரண்டு முறை ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதல் பள்ளம் 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது குரலின் கனம் இருக்கும் இடத்திலேயே விழும். குடத்துக்குள் பேசுவது போன்ற ஒரு குரல் கிடைக்கும்.

எவ்வளவு கெடும் என்பது, தள்ளியிருக்கும் மைக்கில் அந்தக் குரல் எவ்வளவு மெலிதாக விழுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கும் 10 டெசிபல் வித்தியாசமாவது இருந்தால் பெரும்பாலும் காதுக்கு உறுத்தாது. விருந்தினர் மட்டும் தொடர்ந்து பேசும் அரை நிமிடத்தை வெட்டி அளந்தேன். அவர் மைக்கில் -25, எதிர் மைக்கில் -38. 13 டெசிபல் வித்தியாசம். இருவரும் மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்ததால் கிடைத்த அதிர்ஷ்டம் இது. ஒரே சோபாவில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தால் வித்தியாசம் 5, 6 என்று சுருங்கியிருக்கும். அப்போது வெறுமனே கூட்ட முடியாது. எடிட்டரில் இரண்டு சேனலையும் தனித்தனி டிராக்காகப் பிரித்து, ஒருவர் பேசும்போது மற்றவர் டிராக்கைக் கையால் தணிக்க வேண்டும். 38 நிமிடப் பேட்டிக்கு அது ஒரு மாலை வேலை.

இங்கே கூட்டினால் போதும்:

```
ffmpeg -i peti2.mp4 -c:v copy -af "pan=stereo|c0=c0+c1|c1=c0+c1" -c:a aac -b:a 192k peti2_sari.mp4
```

கேட்டுப் பார்த்தேன். குரல்கள் இரண்டும் நடுவில், இரண்டும் கிட்டத்தில். முதல் 6 நிமிடம் 12 விநாடியில் மட்டும் நண்பரின் கேள்விகள் தூரத்திலிருந்து வருகின்றன, அப்புறம் திடீரென்று அருகே வந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் அவர் குரல் விருந்தினர் மைக்கில் கசிந்ததுதான், அதைத் தவிர வேறு பதிவு இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் அந்த ஐந்தாறு கேள்விகளை மட்டும் தேர்ந்தெடுத்து 8 டெசிபல் ஏற்றினேன். அளவு சமமானது, ஆனால் அறையின் எதிரொலியும் சேர்ந்து ஏறியது. தூரத்தில் பதிவான குரலை இன்னும் சத்தமாகக் கேட்கலாம், அருகில் கொண்டுவர முடியாது.

மூன்றாவது கோப்பு: வலது இருக்கிறது, ஆனால் கேட்கவில்லை

கடைசி 9 நிமிடத்தில் மைக்குகளின் பேட்டரி தீர்ந்துவிட்டது, ரிசீவரைக் கழற்றிவிட்டு ஃபோனின் சொந்த மைக்கிலேயே பதிவு செய்திருக்கிறார். ஆகவே முந்தைய இரண்டு காரணங்களும் இங்கே பொருந்தாது. அளவெடுத்தால் இடது சராசரி -27, வலது -45. 18 டெசிபல் வித்தியாசம். இயர்போனில் 15 டெசிபல் அளவுக்கு ஒரு பக்கம் ஏறினாலே மூளை மொத்த சத்தத்தையும் அந்தப் பக்கம் தள்ளிவிடும். "வலது செத்துவிட்டது" என்று நண்பர் சொன்னது அதனால்தான், உண்மையில் அது முனகிக்கொண்டிருந்தது.

ஸ்டீரியோவில் பதிவு செய்யும் ஃபோன்களில் பொதுவாக ஒரு மைக் கீழ் விளிம்பில் இருக்கும், இன்னொன்று மேல் விளிம்பிலோ பின்னால் கேமராவுக்குப் பக்கத்திலோ இருக்கும். ஃபோனைப் படுக்கைவசமாகத் திருப்பிப் பிடிக்கும்போது இவை இடது வலது ஆகின்றன. வலது சேனலை மட்டும் தனியாகக் கேட்டேன். இரைச்சல் மட்டும் இல்லை, குரல் இருந்தது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல. "ச", "ஸ" போன்ற கூரான ஒலிகள் மழுங்கிப் போயிருந்தன. இது முக்கியமான தடயம். மைக் பழுதானால் பெரும்பாலும் வெறும் இரைச்சல் அல்லது எதுவுமே இல்லை. மைக் அடைபட்டால் தாழ்ந்த ஒலிகள் எப்படியோ நுழைந்துவிடும், உயர்ந்தவை நின்றுவிடும்.

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். புது உறை. உறையின் மேல் விளிம்பில் மைக் துளைக்கு நேரே விட்டிருக்க வேண்டிய ஓட்டை அரை விரல் தள்ளி இருந்தது. உறையைக் கழற்றி அதே இடத்தில் பத்து விநாடி பேசிப் பதிவு செய்தேன். இடதும் வலதும் 2 டெசிபலுக்குள் வந்துவிட்டன. மறுபடி மாட்டினேன், மறுபடி விழுந்தது. மைக்கைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த மைக் எந்தச் சேனல் என்று சந்தேகம் இருந்தால், பதிவு ஓடும்போது ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பார்க்கலாம். அலைவடிவத்தில் எந்தப் பக்கம் குதிக்கிறதோ அது. குச்சியை உள்ளே விட வேண்டாம், நல்ல மைக்கையும் சாகடித்துவிடும்.

திருத்துவது எப்படி? வலதை 18 டெசிபல் ஏற்றி இடதோடு சமமாக்கலாம் என்று தோன்றும். செய்தும் பார்த்தேன். இரைச்சலும் அதே 18 டெசிபல் ஏறுகிறது, மழுங்கிய ஒலி மழுங்கியதாகவே இருக்கிறது, ஒரு காதில் தெளிவும் மறு காதில் போர்வையும். சகிக்கவில்லை. கூட்டுவதிலும் பயனில்லை, வலதில் இடதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆகவே முதல் கோப்பின் கமாண்டே இதற்கும்: இடதை எடுத்து இரண்டு பக்கமும் வை. அறையின் ஸ்டீரியோ விரிவு போய்விடும், ஒரு ஆள் பேசும் பேட்டியில் அதை யாரும் தேடப் போவதில்லை. இசைக் கச்சேரியாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் மனம் வலித்திருக்கும்.

கமாண்ட் வேண்டாம் என்பவர்களுக்கு

ஆடாசிட்டியில் ஃபோன் வீடியோவைத் திறக்க அதோடு FFmpeg நூலகமும் நிறுவியிருக்க வேண்டியிருக்கும். திறந்ததும் டிராக்கின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மெனுவில் இரண்டு வரிகள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும்: `Split Stereo Track`, `Split Stereo to Mono`. வேண்டியது இரண்டாவது. முதலாவதைத் தேர்ந்தால் டிராக் இரண்டாகப் பிரியும், ஆனால் மேல் டிராக் இடது பக்கமாகவே கட்டுண்டு கிடக்கும். வலதை அழித்துவிட்டு ஏற்றுமதி செய்தால் அதே குறையோடு புதுக் கோப்பு கிடைக்கும். "ஆடாசிட்டியில் செய்தும் சரியாகவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்கியிருப்பார்கள். `Split Stereo to Mono` தேர்ந்து கீழ் டிராக்கை நீக்கினால் முதல் கோப்பின் தீர்வு, நீக்காமல் இரண்டையும் மோனோவாக ஏற்றுமதி செய்தால் இரண்டாவது கோப்பின் தீர்வு.

எடிட்டரிலேயே வேலை செய்பவர்களுக்கு இன்னும் சுலபம். பிரீமியரில் `Fill Right with Left` என்ற எஃபெக்ட்டைக் கிளிப்பின் மேல் போட்டால் போதும். டாவின்சி ரிசால்வில் கிளிப்பின் `Clip Attributes` திறந்து ஒலிப் பகுதியில் மோனோவாக மாற்றி, இடது சேனலை மூலமாகக் கொடுக்கலாம். ஆனால் இவை எதுவும் வலது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உங்களிடம் சொல்லாது. முதலில் அலைவடிவத்தைக் கோப்பின் கடைசி வரை நகர்த்திப் பார்த்துவிடுங்கள், ஆறு நிமிடத்தோடு நின்றுவிடாமல். இன்னொன்று, சில ரிசீவர்களில் அதே மைக்கின் குரலை வலது சேனலில் வேண்டுமென்றே மெலிதாகப் பதிவு செய்யும் பாதுகாப்பு வசதி உண்டு. யாராவது திடீரென்று கத்தி இடது உடைந்து போனால், அந்த ஒரு விநாடியைக் காப்பாற்ற மெலிதான வலதுதான் கைகொடுக்கும். அப்படிப்பட்ட கோப்பில் வலதை யோசிக்காமல் அழித்தால் பின்னால் வருந்த வேண்டியிருக்கும்.

மூன்றையும் கொடுத்தபோது நண்பர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ ரிசீவரை இனி மோனோவிலேயே போட்டு வெச்சுடவா?" ஒரே மைக் என்றால் மோனோவில் வையுங்கள், திருத்தும் வேலையே இல்லை என்றேன். இரண்டு மைக் என்றால் ஸ்டீரியோவிலேயே இருக்கட்டும். மோனோவில் இரண்டு குரலும் பதிவாகும்போதே கலந்துவிடும், அப்புறம் ஒருவர் இருமினால் மற்றவர் வாக்கியத்தோடு சேர்த்துத்தான் வெட்ட முடியும். அடுத்த வாரம் அவரிடமிருந்து 10 விநாடிக் கோப்பு ஒன்று வந்தது. "இடது", "வலது" என்று ஒவ்வொரு மைக்கிலும் மாறி மாறிச் சொல்லியிருந்தார். உறையை இன்னும் மாற்றவில்லையாம், மேல் விளிம்பைக் கத்தரியால் வெட்டிவிட்டிருக்கிறார்.